இரண்டு வீடுகள் ஒரே வீடாகத் தெரிய: செட்டிநாட்டில் எடுத்த குறும்படத்துக்கு ஒரு லுக் புக்

செட்டிநாட்டு வீடுகளில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நிறம் கிடைக்கவில்லை என்ற கவலை இருக்காது. கிடைக்கிற நிறங்களில் எவற்றைத் தள்ளுவது என்பதுதான் வேலை. ஆத்தங்குடித் தரையின் சிவப்பும் பச்சையும், பர்மாத் தேக்கின் பழுப்பும், ஜன்னல் வளைவுகளில் பதித்த வண்ணக் கண்ணாடிகளும் ஒன்றோடொன்று போட்டியிடுகிற ஓர் இடத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகான சட்டகம் ஒன்று அமைந்துவிடும். அப்படி அமைந்த சட்டகங்களைத் தொகுப்பு மேசையில் வரிசையாக அடுக்கும்போதுதான், அவை ஒரே கதையைச் சேர்ந்தவையாகத் தோன்றவில்லை என்பது தெரியவரும்.

நான் ஒளிப்பதிவு செய்த 14 நிமிடக் குறும்படம் ஒன்றில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாக வந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டில் அண்ணனும் தங்கையும் பாத்திர பண்டங்களைப் பங்கு பிரித்துக்கொள்வதுதான் கதை; காலையில் தொடங்கி விளக்கேற்றும் நேரத்தில் முடிகிறது. முகப்பும், நடுமுற்றமான வளவும், பட்டாலையும் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கிடைத்தன. ஆனால் அந்த வீட்டின் பின்கட்டு வேறு பங்காளிகளின் பொறுப்பில் பூட்டியிருந்ததால், அடுப்படியையும் சாமான் அறையையும் கொத்தமங்கலத்தில் இன்னொரு வீட்டில் எடுக்க வேண்டியிருந்தது. முதல் வீட்டின் தரை சிவப்பு ஓங்கிய ஆத்தங்குடிக் கல். இரண்டாவது வீட்டில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையும் பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர்களும். தங்கை வளவிலிருந்து எழுந்து நிலையைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைகிறாள் என்றால், நிலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரும் அந்தப் பக்கம் வேறோர் ஊரும் இருப்பது பார்வையாளருக்குத் தெரியக் கூடாது. படத்தின் நிறமும் ஒளியும் எப்படி இருக்க வேண்டும் என்று படக்குழுவுக்குப் படங்களால் காட்டும் தொகுப்புதான் லுக் புக்; அதை நாங்கள் தயாரித்ததே இந்த ஒரு நிலைப்படிக்காக என்று சொல்லலாம்.

இயக்குநர் முதலில் கொடுத்தது, பல படங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த ஸ்டில்களின் தொகுப்பு. பெரும்பாலான லுக் புக்குகள் அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பிறர் படத்தின் ஒரு சட்டகத்தில் நாம் காணும் நிறம் மூன்று இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது: பொருளுக்கே உரிய நிறம், அதன்மேல் விழுந்த ஒளியின் நிறம், பிறகு, எடுத்து முடித்த படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கிரேடிங்கில் ஏற்றிய நிறம். ஒரு சுவர் மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள் வண்ணம் பூசிய சுவராகவும் இருக்கலாம், வெள்ளைச் சுவரின் மேல் குண்டு பல்பின் வெளிச்சம் விழுந்ததாகவும் இருக்கலாம். அந்த ஸ்டில்லைக் கலை இயக்குநரிடம் காட்டினால் அவர் பெயிண்ட் கடைக்குப் போவார். என்னிடம் காட்டினால் நான் பல்பைத் தேடுவேன். இருவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் சுவர் இரண்டு மடங்கு மஞ்சளாகும். ஆகவே ஒவ்வொரு ஸ்டில்லுக்கும் கீழே, இதில் நாம் எடுத்துக்கொள்வது எது, அது யாருடைய பொறுப்பு, எதை எடுத்துக்கொள்ளவில்லை என்ற மூன்றையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். இந்த மூன்றையும் எழுத முடியாத படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீக்கப்பட்டன. பெரிய தொகுப்பு ஒரு கையளவாகச் சுருங்கியது. இயக்குநருக்கு அதில் வருத்தம்தான்.

மீதிப் பக்கங்களை அந்த வீடுகளே நிரப்பின. எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை, இரண்டு வீடுகளிலும் பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் நிறுத்தி, ஒரே இடங்களைக் காலை, நடுப்பகல், பிற்பகல் என மூன்று வேளைகளில் படம் எடுத்தோம். ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை நிறத்தை ஒப்பிட உதவும் சாம்பல் நிற கிரே கார்டு வைத்தும் ஒருமுறை இல்லாமலும் எடுத்தோம். போனில் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்திலும் தன் கணக்கை மாற்றிக்கொள்வதால், சிவப்புத் தரை நிறைய வரும் சட்டகத்தில் சுவர் நீலம் பாய்ந்தும், அதே சுவர் தனியாக வரும் சட்டகத்தில் மஞ்சளாகவும் பதிவாகும். அவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டிவைத்தால் வீட்டைப் பற்றித் தெரிவதைவிடப் போனைப் பற்றியே அதிகம் தெரியும். நிலையான அமைப்பில் எடுத்தபோதுதான், திறந்த வளவின் நிழல் பகுதி வானத்தின் வெளிச்சத்தால் நீலம் கலந்திருப்பதும், வெயில் தரையில் விழுகிற நடுப்பகலில் அதே நிழல் கீழிருந்து எழும் செம்மையால் சூடேறிவிடுவதும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

அடுத்ததாக வண்ணத் தொகுதியை முடிவு செய்தோம். அடிநிறமாகச் சுண்ணாம்புச் சுவரின் பழுத்த வெள்ளையும் தேக்கின் பழுப்பும். இவை எந்தச் சட்டகத்திலும் பெரும்பங்கு பெற வேண்டும். துணைநிறமாகச் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும். இவை தரையிலும் சேலையிலும் வரும். தனித்து நிற்கும் நிறமாக நீலம் ஒன்று மட்டும். அதுவும் ஒரே பொருளில், அண்ணனும் தங்கையும் யாருக்கு என்று முடிவு செய்ய இயலாமல் ஒதுக்கிவைக்கும் பழைய எனாமல் தூக்குச்சட்டியில். வெளிநாட்டிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் இந்தப் பகுதி வீடுகளில் சாதாரணமாகப் புழங்கியவை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. அந்த நீலம் கதையில் வேலை செய்ய வேண்டுமென்றால் வேறெங்கும் நீலம் இருக்கக் கூடாது.

அதனால் லுக் புக்கில் 'இருக்கக் கூடாதவை' என்று ஒரு தனிப் பக்கம் சேர்த்தோம். நீலப் பிளாஸ்டிக் டிரம், நீல வாளி, மின்வாரிய மீட்டர் பலகையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், ஜன்னல் வளைவின் நீலக் கண்ணாடி, உதவியாளர்கள் மறந்து விட்டுச்செல்லும் தண்ணீர் பாட்டில் மூடி வரைக்கும் அதில் படமாக இருந்தன. படப்பிடிப்பில் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட அதிகம் புரட்டப்பட்டது இந்தப் பக்கம்தான். என்ன வேண்டும் என்பதைப் படக்குழுவில் நான்கு பேர் நினைவில் வைத்திருந்தால் போதும். என்ன கூடாது என்பதை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். நீலக் கண்ணாடிகளை என்ன செய்வது என்பதில் மட்டும் சற்று விவாதம் நடந்தது. கண்ணாடி சட்டகத்தில் வராவிட்டாலும் காலை வெயிலில் அதன் நீலக் கறை தரையில் விழுந்து ஊர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் வெளிப்புறத்தில் தடித்த காடாத் துணியைத் தொங்கவிட்டு அந்த வளைவுகளை மட்டும் மறைத்தோம்.

ஆடைப் பக்கத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். தங்கைக்குக் கண்டாங்கிச் சேலை என்று கதையிலேயே இருந்தது. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு எனக் கண்டாங்கியின் மரபான நிறங்கள் எங்கள் தொகுதியோடு ஒத்துப்போனதால் வேலை முடிந்தது என்றே ஆடை வடிவமைப்பாளர் நினைத்தார். ஆனால் அவள் பெரும்பாலான நேரம் சிவப்புத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறாள். சேலைத் துணியைத் தரையில் விரித்து எடுத்த சோதனைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோது செங்கல் சிவப்பு உடலும் தரையும் ஒரே சாம்பலாகக் கரைந்தன. முந்தானை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வண்ணத்தில் பார்க்கும்போது துணியின் நெசவும் தரையின் பூவும் வேறுவேறாகத் தெரிந்ததால் இந்தக் குறை கண்ணில் படவில்லை. சாயலில் ஒத்திருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டுவது அவற்றின் வெளிச்ச அளவில் உள்ள வேறுபாடுதான். கடுகு மஞ்சள் உடலும் சிவப்புக் கரையும் கொண்ட சேலைக்கு மாறியதும் உருவம் தரையிலிருந்து எழுந்து வந்தது. லுக் புக்கின் ஒவ்வொரு வண்ணப் பட்டைக்கும் கீழே அதன் கறுப்பு வெள்ளை வடிவத்தையும் அச்சிடுவது என்ற வழக்கத்தை அதன்பிறகு நான் விட்டதில்லை. கண்டாங்கியில் மற்றொன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும்: கட்டங்கள் சிறியவையாக இருந்தால் தூரக் காட்சியில் அவை கேமராவின் பிக்ஸல் வரிசையோடு மோதி அலையலையாக நெளியும். அகலக் கட்டங்களில் இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை.

லுக் புக்கைக் கோப்பாக அனுப்பினால் அது ஒவ்வொருவரின் திரையிலும் வேறு நிறம் காட்டும்; இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி போனில் இயங்கிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படுவதில் நெருங்கிய சாயல்கள் ஒன்றாகிவிடும். ஆகவே காரைக்குடியில் ஒரே கடையில், ஒரே இயந்திரத்தில், பளபளப்பில்லாத தாளில் எல்லாப் பிரதிகளையும் அச்சிட்டோம். அச்சு மை திரையின் செறிவை எட்டாது. எனவே தாளில் இருக்கும் நிறமும் மிகச் சரியானதென்று சொல்ல இயலாது. எல்லோரும் ஒரே பிழையைப் பார்க்கிறோம் என்பதுதான் அதன் பயன். உண்மையான அளவுகோலாக ஒரு சிறு பெட்டியை வைத்துக்கொண்டோம்: சேலையிலிருந்து ஒரு துண்டு, சட்டைத் துணியில் ஒரு துண்டு, பெயிண்ட் கடை அட்டையிலிருந்து எண்ணோடு வெட்டிய வெள்ளை, ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து வாங்கிய சிவப்புக் கல் ஒன்று. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிக் கையால் செய்யப்படும் கல் என்பதால் ஒரு கல்லைப் போல இன்னொன்று இருக்காது. இருந்தாலும் எந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு எப்படி மாறுகிறது என்பதைக் கொத்தமங்கலத்தில் நின்றுகொண்டே பார்க்க அது உதவியது.

இனி அந்த நிலைப்படிக்கு வருகிறேன். வளவில் தங்கையின் நெருக்கக் காட்சிகளை எடுத்தபோது வெயில்பட்ட சிவப்புத் தரை அவளுடைய தாடையின் அடியிலும் மூக்கின் கீழும் செம்மையை வீசியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும்: முகத்துக்குக் கீழே, தாளின் முகம் தரையைப் பார்க்கும்படி பிடித்தால் அது வெள்ளையாகத் தெரிகிறதா, ரோஜாச் சாயல் காட்டுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கிரேடிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. செம்மை முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும், தோலின் நிறத்தோடு கலந்து இருப்பதால் அதை எடுக்க முயன்றால் உதடும் கன்னமும் சேர்ந்து வெளிறும். சட்டகத்துக்கு வெளியே உள்ள தரையில் கறுப்புத் துணி விரித்தால் செம்மை போய்விடும். ஆனால் முழுவதும் போய்விட்டால் தூரக் காட்சியில் செம்மையோடும் நெருக்கக் காட்சியில் செம்மையின்றியும் இரண்டு முகங்களாகிவிடும். எனவே பாதித் தரையில் சாம்பல் நிறப் போர்வையை விரித்து, செம்மையைக் குறைத்துமட்டும் வைத்தோம். லுக் புக்கில் 'முகம்' என்ற பக்கத்தில் அந்தக் குறைந்த செம்மையுடன் கூடிய ஸ்டில்லை அச்சிட்டு ஒட்டினோம்.

கொத்தமங்கலத்தின் சாம்பல் சிமெண்டுத் தரையில் இயல்பாக எந்தச் செம்மையும் எழாது. அங்கே முகத்தை வளவோடு இணைக்க, செங்கல் நிறத் துணி ஒன்றைச் சட்டகத்துக்கு வெளியே தரையில் விரித்து, அதன்மேல் ஜன்னல் வழியாக வந்த எங்கள் 5600 கெல்வின் விளக்கின் ஒரு பகுதி விழும்படி வைத்தோம். ஒரு வீட்டில் தரையின் நிறத்தைக் கட்டுப்படுத்தினோம், மற்ற வீட்டில் அதே நிறத்தை விலைக்கு வாங்கினோம். ஒட்டியிருந்த ஸ்டில்லையும் மானிட்டரையும் அருகருகே வைத்துத் துணியை முன்னும் பின்னும் நகர்த்தினால் தாடையடி ஒத்துப்போகும் இடம் கிடைத்துவிடும்.

பச்சைச் சுவர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வண்ணம் பூச அனுமதியில்லை. வளவு வீட்டில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் அங்கே எதையும் ஒட்டக் கூடாது என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "தம்பி, சொவத்துல மட்டும் எதையும் ஒட்டிப்புடாதீக, உரிச்சா மேப்பூச்சு கையோட வந்துரும்." கொத்தமங்கலத்திலும் அதே விதியைக் கடைப்பிடித்தோம். பச்சையை ஒழிப்பதற்குப் பதிலாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. சுவரோரம் தேக்கு அலமாரிகளையும் சாய்த்துவைத்த கட்டில்களையும் பாய்ச் சுருள்களையும் நிறுத்தி, எந்தச் சட்டகத்திலும் பச்சை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வராதபடி கோணங்களைத் தேர்ந்தோம். எல்.இ.டி. குழல் விளக்குகளின் வெளிச்சத்தில் சுவர் மேலும் பச்சையேறும் என்பதால் அந்த விளக்குகளை முழுவதுமாக அணைத்துவிட்டோம்.

நிறத்தைவிட வெளிச்ச அளவுதான் இரண்டு வீடுகளை ஒட்டவைக்கிறது என்பது என் கருத்து. வளவின் சுண்ணாம்புச் சுவர், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் அறுபது சதவீதத்தை ஒட்டி நிற்கும்படி எடுத்திருந்தோம். அடுப்படியில் சுவர் இயல்பாகவே இருண்டிருந்தாலும், ஜன்னலருகே இருந்த ஒரு சுவர்ப் பகுதியையாவது அதே அளவுக்கு உயர்த்தினோம். நிலையைத் தாண்டும் வெட்டில் கண் முதலில் தேடுவது சட்டகத்தின் மிகப் பிரகாசமான பெரிய பரப்பைத்தான். அது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால், சாயலில் இருக்கும் சிறு வேறுபாட்டை வேறோர் அறைக்குள் வந்துவிட்டோம் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

தரை துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பு அடர்ந்து தெரிவதோடு வானமும் அதில் பிரதிபலித்து வெள்ளை நீலமாய் மின்னும். காய்ந்தபின் அதே கல் வேறு கல்லைப் போலிருக்கும். வீட்டாரின் நல்லெண்ணத்தால் ஒவ்வொரு இடைவேளையிலும் தரை துடைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 'காய்ந்த தரை மட்டுமே' என்று லுக் புக்கில் ஒரு வரி சேர்த்து, துடைப்பதை உணவு இடைவேளைக்கு மாற்றிக்கொண்டோம்.

கடைசிக் காட்சி விளக்கேற்றும் நேரம். நீலத் தூக்குச்சட்டி அடுப்படி மேடையில் இருக்க, மேலே 3200 கெல்வின் பல்பு ஒன்று எரிகிறது. சோதனையில் நீலம் காணாமல் போய்விட்டது. சட்டி கரும்சாம்பலாக நின்றது. மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலப் பகுதி மிகக் குறைவு. வராத நீலத்தை எந்தப் பொருளும் திருப்பி அனுப்ப முடியாது. ஒயிட் பேலன்ஸை 3200-க்கு இறக்கினால் நீலம் ஓரளவு திரும்பும், ஆனால் அறையின் வெதுவெதுப்பு முழுவதும் போய், மாலை என்பதே தெரியாமல் போகும். கேமராவை 4300 கெல்வினில் வைத்து, ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிறிய 5600 கெல்வின் விளக்கைச் சட்டியின் ஒரு விளிம்பில் மட்டும் விழும்படி மறைப்புகளால் கட்டினோம். வெளியே இன்னும் அணையாத வானத்தின் ஒளி என்று அதற்குக் காரணமும் அமைந்தது. இந்தத் தீர்வை லுக் புக்கின் ஒரு பக்கமாக்கி வைத்திருந்ததால்தான், வேறொரு நாள் அதே காட்சியின் விடுபட்ட நெருக்கக் காட்சியை எடுத்தபோது விளக்குப் பொறுப்பாளர் என்னைக் கேட்காமலே அதைத் திரும்ப அமைத்தார்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காததால், காட்சிக்கு ஒரு சிறு ஸ்டில் வீதம் கதை வரிசையில் ஒட்டிய நீண்ட பட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டாமல் ஓர் அட்டையில் வைத்திருந்தோம். ஒவ்வொரு மாலையும் அன்று எடுத்தவற்றின் ஸ்டில்களைத் தபால்தலை அளவில் அச்சிட்டுக் குறிப்புப் படத்துக்குக் கீழே ஒட்டுவோம். பெரிய திரையில் பார்க்கும்போது முகமும் நடிப்பும் கவனத்தை இழுத்துவிடும். தபால்தலை அளவில் நிறமும் வெளிச்சமும் மட்டுமே மிஞ்சும். மேகமூட்டமான ஒரு காலையில் எடுத்த இரண்டு காட்சிகள் பட்டையில் தட்டையாகவும் குளிர்ந்தும் கிடந்தது அப்படித்தான் தெரிந்தது. ஒன்றை மறுபடி எடுத்தோம். மற்றதைத் தொகுப்பாளர் கதையின் முன்பகுதிக்கு, வெயில் ஏறாத நேரத்துக்கு நகர்த்திக் கொடுத்தார்.

கிரேடிங்கின்போது கலரிஸ்ட் முதல் காட்சியிலிருந்து தொடங்கவில்லை. தொகுதியின் எல்லா நிறங்களும் முகமும் ஒருசேர வரும் வளவுக் காட்சி ஒன்றை முதலில் முடித்து, அதை டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் `Grab Still` கொடுத்துச் சேமித்து, ஏனைய காட்சிகளைத் திரையைப் பிளந்து அதனோடு ஒப்பிட்டார். முதலில் தோல், பிறகு சுவர், அதன்பிறகே சேலை என்பது அவருடைய வரிசை. லுக் புக்கும் முகமும் முரண்பட்ட இடங்களில் முகத்தின் பக்கமே நின்றோம். அண்ணனாக நடித்தவரின் கருத்த தோல் எங்கள் பழுத்த வெள்ளைக்காக மஞ்சளேற்றியபோது சோர்ந்து தெரிந்ததால், அந்தக் காட்சிகளில் மஞ்சளைச் சுவருக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தார்.

வசன வரிகளை வழக்கமான மஞ்சளில் போட்டபோது அது கடுகுச் சேலையோடு போட்டியிட்டது. சற்றே சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாற்றினோம். சுவரொட்டி வடிவமைப்பாளருக்கும் 'இருக்கக் கூடாதவை' பக்கத்தையே முதலில் அனுப்பினோம். அவருடைய முதல் வரைவில் தலைப்பு நீல எழுத்தில் இருந்தது, இரண்டாவது வரைவில் செங்கல் சிவப்பாயிற்று.